'ஹேஸ்' என்பது நிகழ்காலம்: ஆங்கில வினையில் காலமும் நோக்கும்

ஆங்கில இலக்கணப் பாடநூல்களில் மாணவர் மனப்பாடம் செய்யும் பன்னிரண்டு 'டென்ஸ்'களின் அட்டவணை, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்னும் மூன்று வரிகளையும், ஒவ்வொரு வரியிலும் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்னும் நான்கு கட்டங்களையும் கொண்டது. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பன்னிரண்டு வரும் என்பதிலேயே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரு கேள்விக்கும், இடமிருந்து வலமாக வேறொரு கேள்விக்கும் இந்த அட்டவணை விடை சொல்கிறது. இரண்டு கேள்விகளின் விடைகளுக்கும் 'டென்ஸ்' என்ற ஒரே பெயரைச் சூட்டியதால் விளைந்த குழப்பம், 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று எழுதிய மாணவனின் தாளில் சிவப்பு மை விழும்போது, அது ஏன் விழுந்தது என்று ஆசிரியராலும் விளக்க முடியாத நிலையில் வந்து முடிகிறது.

முதல் கேள்வி, சொல்லப்படும் செய்தி எந்தப் பொழுதைப் பற்றியது என்பது: பேசுகிற கணத்துக்கு முன்பா, அக்கணத்திலா, பின்பா? வினைச்சொல்லின் உருவத்திலேயே இதற்கு விடை தரும் கூறு காலவடிவம். ஆங்கிலத்தின் 'டென்ஸ்' என்ற சொல்லை இன்றைய மொழியியலார் இதற்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்வி, அந்தப் பொழுதில் நின்று பார்க்கும்போது நிகழ்ச்சி எப்படித் தெரிகிறது என்பது: தொடக்கமும் முடிவும் சேர்ந்த முழு நிகழ்ச்சியாகவா, நடுவே நடந்துகொண்டிருப்பதாகவா, முடிந்து அதன் விளைவு மட்டும் நிற்பதாகவா? இதற்கு விடை தரும் கூறு 'ஆஸ்பெக்ட்' எனப்படும். தமிழில் இதற்குப் பல சொற்கள் வழங்கினாலும், இக்கட்டுரையில் 'வினைநோக்கு' என்ற சொல் ஆளப்படுகிறது. பெர்னார்ட் காம்ரி 1976-இல் வினைநோக்குக்கும் 1985-இல் காலவடிவத்துக்கும் தனித்தனி நூல் எழுதியதே, இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்ற நிலைப்பாட்டின் அடையாளம் எனலாம்.

'ஆஸ்பெக்ட்' என்ற சொல், ரஷ்ய இலக்கணத்தில் வழங்கிய, தோற்றம் என்று பொருள்படும் 'வித்' என்பதன் மொழிபெயர்ப்பாக மேற்கைரோப்பிய மொழிகளுக்கு வந்தது. ரஷ்ய மொழியில் எழுதுதலுக்கு 'பிசாத்', 'நபிசாத்' என இரண்டு வினைகள் உண்டு. இரண்டுக்கும் இறந்தகால வடிவமும் உண்டு. நேற்று ஒருவன் கடிதம் எழுதுவதில் ஈடுபட்டிருந்தான் என்பதற்கு முதலாவதையும், எழுதி முடித்தான் என்பதற்கு இரண்டாவதையும் ஆளவேண்டும். காலம் ஒன்றே, நோக்கு வேறு. ரஷ்யனுக்குத் தன் தாய்மொழியே ஒவ்வொரு வினையிலும் நினைவூட்டிக்கொண்டிருக்கும் இந்த வேறுபாட்டை, லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்கப்பட்ட ஆங்கிலப் பள்ளி இலக்கணம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

ஆங்கிலத்திலேயே இதைக் காட்ட மூன்று வாக்கியங்கள் போதும். ஒரு வீட்டில் திருட்டு. போலீஸ் சரியாக ஆறு மணிக்கு வந்து சேர்கிறது. 'வென் த போலிஸ் கேம், த தீஃப் லெஃப்ட்' என்றால், போலீஸ் வந்தது, அதைக் கண்டு திருடன் கிளம்பினான். 'வென் த போலிஸ் கேம், த தீஃப் வாஸ் லீவிங்' என்றால், போலீஸ் வந்த நேரத்தில் அவன் சுவரேறிக்கொண்டோ பையைக் கட்டிக்கொண்டோ இருந்தான். 'வென் த போலிஸ் கேம், த தீஃப் ஹேட் லெஃப்ட்' என்றால், வந்தவர்கள் கண்டது வெறும் வீடு. மூன்று வாக்கியங்களும் பேசுவது ஒரே இறந்த பொழுதைப் பற்றி, அதாவது ஆறு மணியைப் பற்றி. 'லெஃப்ட்', 'வாஸ்', 'ஹேட்' என்னும் முதல் வினைகள் மூன்றும் இறந்தகால வடிவங்களே. ஆகவே காலவடிவத்தில் இவற்றுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் திருடன் பிடிபடுவானா மாட்டானா என்பது முழுவதும் மீதியுள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அந்த மீதிதான் வினைநோக்கு.

இந்த மூன்றையும் அப்படியே நாளைக்கு நகர்த்தினால் 'வில் லீவ்', 'வில் பி லீவிங்', 'வில் ஹேவ் லெஃப்ட்' என்று அமைகின்றன. நோக்கு மாறாமல் பொழுது மட்டும் நகர்ந்திருக்கிறது. ஒன்றை அசைக்காமல் மற்றொன்றை அசைக்க முடிவது, இரண்டும் தனித்தனி அச்சுகள் என்பதற்கு நேரான சான்று. இங்கே ஒரு சிறு திருத்தமும் தேவைப்படுகிறது. ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலவடிவங்கள் இறந்தகாலமும் இறவாக் காலமும் ஆகிய இரண்டு மட்டுமே. 'வில்' என்பது 'மே', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாசல் மணி அடிக்கும்போது 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்று ஆங்கிலேயர் சொல்வது எதிர்காலத்தைப் பற்றியதன்று, இந்தக் கணத்தைப் பற்றிய ஊகம். அட்டவணையின் மூன்று வரிகளில் ஒன்று இதனால் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்றாலும், இக்கட்டுரையின் வாதம் அதைச் சார்ந்திருக்கவில்லை.

நான்கு கட்டங்களுள் கன்டினியுவஸ் எனப்படுவதை மொழியியலார் 'புரோகிரசிவ்' என்பார்கள். நிகழ்ச்சியின் உள்ளே நின்று பார்ப்பதே அதன் தன்மை; தொடக்கம் பார்வைக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது, முடிவு கண்ணுக்கே படவில்லை. முடிவு கண்ணில் படவில்லை என்பது வெறும் உருவகமன்று. தர்க்கத்தில் அதற்கு நேரடி விளைவு உண்டு. ஒருவன் வண்டி தள்ளிக்கொண்டிருந்தபோது தடுத்து நிறுத்தப்பட்டாலும், அவன் வண்டி தள்ளினான் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருவன் வட்டம் வரைந்துகொண்டிருந்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டால், அவன் வட்டம் வரைந்தான் என்று சொல்ல முடியாது. தாளில் இருப்பது ஒரு வில் மட்டுமே. 'ஹி வாஸ் புஷிங் எ கார்ட்' என்பதிலிருந்து 'ஹி புஷ்ட் எ கார்ட்' என்ற முடிவு பிறக்கிறது. 'ஹி வாஸ் டிராயிங் எ சர்க்கிள்' என்பதிலிருந்து 'ஹி ட்ரூ எ சர்க்கிள்' பிறக்கவில்லை. இவ்விரு வகை வினைகளையும் பிரித்துக் காட்டியவர் 1957-இல் 'வினைகளும் பொழுதுகளும்' என்னும் பொருள்பட்ட கட்டுரை எழுதிய மெய்யியலாளர் ஜெனோ வெண்ட்லர். இதிலிருந்து எழும் சிக்கலுக்கு முற்றுறா முரண் என்ற பொருளில் பெயரிட்டவர் டேவிட் டௌட்டி.

முரண் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். வரைந்துகொண்டிருந்தது வட்டமே என்று எப்படித் தெரியும்? தாளில் இருக்கும் வில், முட்டை வடிவத்தின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம், வெறும் கிறுக்கலாகவும் இருந்திருக்கலாம். முழு வட்டம் என்ற ஒன்று உலகில் எங்குமே உண்டாகாத நிலையிலும் அந்தச் செயலை 'வட்டம் வரைதல்' என்று பெயரிட்டு அழைக்கிறோம்; ஆக, தடை நேராதிருந்தால் செயல் எங்கே போய் முடிந்திருக்கும் என்ற கணிப்பு 'வாஸ் டிராயிங்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. காலவடிவம் ஒரு செய்தியைக் காலக்கோட்டில் ஓரிடத்தில் குறிப்பதோடு நின்றுவிடும். நடவாத ஒன்றைப் பற்றிய கணிப்பு அதன் வேலையே அன்று. புரோகிரசிவைக் காலத்தின் ஒரு வகையாக எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணுக்கே படாது.

புரோகிரசிவ் நிகழ்ச்சியின் உள்ளே நுழைவதால், உள்ளே என்று ஒன்று இல்லாத வினைகளோடு அது இணங்குவதில்லை. தெரிதல், உரிமையாதல் போன்ற நிலைகளுக்குப் படிகளும் இல்லை, நகர்ச்சியும் இல்லை. எனவே 'ஐ ஆம் நோயிங் த ஆன்ஸர்' என்று நிலையான ஆங்கிலத்தில் சொல்வதில்லை. இணங்காத வினையை வலிந்து இணைத்தால் பொருள் மாறிவிடும்: 'ஹி இஸ் ஃபூலிஷ்' என்பது ஒருவனுடைய இயல்பைச் சொல்கிறது, 'ஹி இஸ் பீயிங் ஃபூலிஷ்' என்பது இப்போது அவன் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறான், சற்றுப் பொறுத்தால் சரியாகிவிடுவான் என்கிறது. இந்திய ஆங்கிலத்தைக் கேலி செய்வோர் 'ஐ ஆம் நோயிங்' போன்ற வாக்கியங்களை எடுத்துக்காட்டும்போது, பேசுகிறவருக்குக் காலம் தெரியவில்லை என்பார்கள். காலம் அவருக்கு நன்றாகவே தெரியும். நிகழ்காலத்தில் தொடங்கி நிகழ்காலத்திலேயேதான் அவ்வாக்கியம் நிற்கிறது. பிசகு நோக்கில் இருக்கிறது.

பெர்ஃபெக்ட் இன்னும் ஆழமான விஷயம். புரோகிரசிவ் நிகழ்ச்சியின் உள்ளே நின்று பார்ப்பது என்றால், பெர்ஃபெக்ட் நிகழ்ச்சி முடிந்த பின் நின்று திரும்பிப் பார்ப்பது. ஹான்ஸ் ரைஹென்பாக் 1947-இல் வெளியிட்ட தம் தர்க்க நூலில் இதற்கு ஒரு எளிய கருவியைத் தந்தார். பேசுகிற கணம், நிகழ்ச்சி நடந்த கணம் என்ற இரண்டு புள்ளிகளால் ஆங்கில வினையை விளக்க முடியாது, எங்கே நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது புள்ளியும் வேண்டும் என்பது அவர் வாதம். 'த தீஃப் ஹேட் லெஃப்ட்' என்பதில் நிகழ்ச்சிப் புள்ளி, திருடன் கிளம்பிய நேரம். நோக்குப் புள்ளி, போலீஸ் வந்த ஆறு மணி. பேச்சுப் புள்ளி, இதைச் சொல்லுகிற இப்போது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 'த தீஃப் லெஃப்ட்' என்பதில் நிகழ்ச்சியும் நோக்கும் ஒரே புள்ளியில், பேச்சுக்கு முன்னால் நிற்கின்றன. 'த தீஃப் ஹேஸ் லெஃப்ட்' என்பதில் நிகழ்ச்சி மட்டும் முன்னால் இருக்க, நோக்குப் புள்ளி பேச்சுப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு இப்போதில் நிற்கிறது.

இந்தக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தால், காலவடிவம் செய்யும் வேலையும் வினைநோக்கு செய்யும் வேலையும் தாமாகப் பிரிந்துவிடுகின்றன. நோக்குப் புள்ளி பேச்சுக்கு முன்பா, உடனா என்று சொல்வது காலவடிவம். நிகழ்ச்சி நோக்குப் புள்ளிக்கு முன்பா, அதைச் சுற்றிப் பரவியதா, அதனுள் அடங்கியதா என்று சொல்வது வினைநோக்கு. மூன்றாவது புள்ளி கற்பனையன்று என்பதற்கு மொழிக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. 'த தீஃப் ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வரும்: அவன் கிளம்பியதே ஆறு மணிக்கு, போலீஸ் வந்தது ஏழுக்கு என்பது ஒன்று, ஆறு மணிக்குப் பார்த்தபோது ஆள் ஏற்கெனவே இல்லை, எப்போது போனானோ தெரியாது என்பது மற்றொன்று. 'ஆறு மணி' என்ற சொல்லுக்குப் போய் ஒட்டிக்கொள்ள அந்த வாக்கியத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால்தான் இரண்டு பொருள் பிறக்க முடியும். 'த தீஃப் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்பதற்கு ஒரே பொருள்தான். அங்கே ஒட்டிக்கொள்ள ஓரிடமே இருக்கிறது.

இப்போது மாணவன் எழுதிய 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்ற வாக்கியத்துக்குத் திரும்பலாம். பெர்ஃபெக்ட் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது, நேற்று என்பதும் முடிந்துபோன நாள்தான், பிறகு ஏன் இரண்டும் சேரக்கூடாது? பாடநூல்கள் இதற்குத் தரும் விடை, பெர்ஃபெக்ட்டில் வினை 'சற்று முன்' முடிந்திருக்கவேண்டும் என்பது, அது பிழை. 'த ரோமன்ஸ் ஹேவ் லெஃப்ட் தேர் மார்க் ஆன் பிரிட்டன்' என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியதைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததை 'ஃபைவ் மினிட்ஸ் அகோ' என்று நேரம் குறித்துச் சொல்லும்போது பெர்ஃபெக்ட் நிற்காது. தடை பழமையால் வருவதன்று. 'ஹேஸ்' என்பது நிகழ்கால வினை என்பதால் வருகிறது. வாக்கியம் இப்போதைப் பற்றியது. இப்போதைப் பற்றிய வாக்கியத்துக்கு நேற்று என்ற பொழுதுச்சொல் பொருந்தவில்லை. 'திஸ் மார்னிங்' என்ற தொடர் இதைச் சோதித்துப் பார்க்க உதவும்: காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் ரிட்டன் டூ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்' என்று சொல்லலாம், அதே வாக்கியத்தை மாலை நான்கு மணிக்குச் சொன்னால் உறுத்தும், 'ரோட்' என்று மாற்றிக்கொள்ளவேண்டும். கடிதங்கள் எழுதப்பட்ட நேரம் மாறவில்லை. காலை என்ற பொழுதுக்குள் இப்போது இருக்கிறதா இல்லையா என்பதுதான் மாறியிருக்கிறது.

'ஹேஸ்' நிகழ்காலம் என்பது வெறும் வடிவக் கணக்கன்று, வரலாற்று உண்மையும்கூட. பழைய ஆங்கிலத்தில் ஒருவன் மீனைப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல விரும்பினால், 'பிடிக்கப்பட்டதாகிய அந்த மீனை உடையேன்' என்ற அமைப்பில் சொல்வான். 'பிடிக்கப்பட்ட' என்னும் எச்சம் மீனுக்கு அடையாகி, மீனின் வேற்றுமைக்கு ஏற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்வதும் உண்டு. உடைமை இப்போதையது, பிடித்தது எப்போதோ. காலப்போக்கில் எச்சம் மீனை விட்டு 'ஹேவ்' என்ற வினையோடு சேர்ந்து ஒரே தொடரானது. உடைமைப் பொருள் தேய்ந்து மறைந்தது. ஆனால் நிகழ்காலம் தேயாமல் நின்றுவிட்டது. போதல், வருதல் போன்ற வினைகளுக்கு 'ஹேவ்' என்பதற்குப் பதில் 'பி' என்ற இருத்தல் வினையே பழங்காலத்தில் துணையாக வந்தது. 'ஹி இஸ் கம்' என்ற வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட உயிரோடிருந்தது. வந்து, இருக்கிறான் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து 'வந்திருக்கிறான்' என்று ஆன தமிழ் அமைப்பை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. ஒரு மொழி உடைமையின் வழியாகவும், மற்றொன்று இருத்தலின் வழியாகவும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

இப்போதைப் பற்றிய வாக்கியம் என்பதன் பிடி, எழுவாயின் மேலும் விழுகிறது. கணித மேதை ராமானுஜன் 1914 முதல் 1919 வரை கேம்பிரிட்ஜில் இருந்தார், 1920-இல் காலமானார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கி 'ராமானுஜன் ஹேஸ் லிவ்ட் இன் கேம்பிரிட்ஜ்' என்று சொன்னால் ஆங்கிலம் பிறப்பு மொழியாக உள்ளவருக்கு அது உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய பேச்சாகக் கேட்கும். 'லிவ்ட்' என்பதே சரி. ஆனால் கேம்பிரிட்ஜைப் பற்றிப் பேசும்போது, அங்கே இந்தியக் கணிதவியலார் பலர் வாழ்ந்திருக்கிறார்கள் என்று பெர்ஃபெக்ட்டில் சொல்வதில் தடையில்லை. அப்பட்டியலில் ராமானுஜனும் அடக்கம், ஊர் இன்றும் இருக்கிறது. இறந்தவர் ஒருவரின் பெயர் எழுவாயாக நிற்பதை இந்த வினைவடிவம் எதிர்ப்பதை, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐன்ஸ்டைனும் பிரின்ஸ்டனும் வரும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு அமெரிக்க மொழியியலார் விரிவாக விவாதித்தார்கள்.

ஆனால் தடை உண்மையில் நிகழ்காலத்தால்தான் வருகிறது, பெர்ஃபெக்ட்டால் அன்று என்று எப்படி உறுதி செய்வது? நிகழ்காலத்தை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, பெர்ஃபெக்ட்டை அப்படியே விட்டுப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு வழியுண்டு. 'மஸ்ட்', 'மே' போன்ற துணைவினைகளுக்குப் பின்னால் வரும் 'ஹேவ்' எந்தக் காலவடிவமும் ஏற்பதில்லை. அங்கே 'யெஸ்டர்டே' தடையின்றி நுழைகிறது: 'ஹி மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே' என்பது பிழையற்ற ஆங்கிலம். 'ஹேவிங் கம் யெஸ்டர்டே' என்ற எச்சத் தொடரும் அப்படியே. காலவடிவம் போனவுடன் தடையும் போய்விடுகிறது. இரண்டையும் 'பிரசண்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்' என்ற ஒரே உருண்டையாக மனப்பாடம் செய்தவருக்கு இந்த உண்மை விதிவிலக்குகளுள் ஒன்றாக மட்டுமே தோன்றும். பிரித்தறிந்தவருக்கு இதுவே விதி.

தமிழ் மாணவன் ஏன் இந்த இடத்தில் தவறுகிறான் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. காலையில் எழுந்து முற்றம் ஈரமாக இருப்பதைக் கண்டவர் 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்பார். தமிழில் இது இயல்பான வாக்கியம். 'இருக்கிறது' நிகழ்காலம்தான், ஆயினும் 'நேற்று ராத்திரி' அதனோடு சண்டையிடவில்லை, ஏனென்றால் இந்த வழக்கில் 'இரு' என்ற துணைவினை பார்த்தறியாத ஒன்றை அடையாளத்தைக் கொண்டு அறிந்துகொண்டதையும் சுட்டுகிறது. நிகழ்காலம் என்பது அந்த அறிதலின் காலம். இரவெல்லாம் விழித்திருந்து மழையைப் பார்த்தவர் 'பெய்தது' என்றே சொல்வார். இதை அப்படியே 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழை. சரியான மொழிபெயர்ப்பு 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்பது. தமிழின் 'இரு' செய்த அனுமான வேலையை 'மஸ்ட்' ஏற்றுக்கொள்கிறது, காலவடிவம் இல்லாத 'ஹேவ்' நேற்று இரவை உள்ளே விடுகிறது. மாணவனின் பிழையைத் திருத்த ஆசிரியர் தொடவேண்டியது இந்த இடத்தைத்தான். 'நேற்று வந்தால் வினை சிம்பிள் பாஸ்ட்' என்ற வாய்ப்பாடு மதிப்பெண் வாங்கித் தரும். மேற்சொன்ன வாக்கியத்தில் ஏன் தோற்கிறது என்று சொல்லித் தராது.

இரண்டு நோக்குகளும் ஒரே வினையில் அடுக்கி வருவதும் உண்டு. 'ஹேஸ் பீன் ஈட்டிங்' என்ற தொடரில் 'ஹேஸ்' நிகழ்காலத்தைத் தருகிறது, அதுவும் 'பீன்' என்ற எச்ச வடிவமும் சேர்ந்து பெர்ஃபெக்ட்டைத் தருகின்றன, 'பீன்' என்ற வினையும் 'ஈட்டிங்' என்பதன் ஈறும் சேர்ந்து புரோகிரசிவைத் தருகின்றன. காலம், பெர்ஃபெக்ட், புரோகிரசிவ் என்ற இவ்வரிசை ஒருபோதும் மாறுவதில்லை. நோம் சோம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சிறுநூலில் ஆங்கிலத் துணைவினைகளின் இந்த ஒழுங்கை ஒரே வரியில் அடங்கும் விதியாக எழுதிக் காட்டியது மொழியியலில் பேர்பெற்றது. பொருளிலும் அடுக்கு தெளிவாகத் தெரியும். பிஸ்கட் டப்பாவைத் திறந்த தாய் 'யூ ஹேவ் ஈட்டன் த பிஸ்கட்ஸ்' என்றால் டப்பா காலி. 'யூ ஹேவ் பீன் ஈட்டிங் த பிஸ்கட்ஸ்' என்றால் சில மிஞ்சியிருக்கலாம், ஆனால் பையனின் வாயோரத்தில் தூள் ஒட்டியிருக்கிறது. புரோகிரசிவ் முடிவை மறைக்கிறது, பெர்ஃபெக்ட் அந்த மறைந்த முடிவுள்ள செயலின் தடயத்தை இப்போதுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பெர்ஃபெக்ட் முழுதும் வினைநோக்கின் எல்லைக்குள் அடங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. நிகழ்ச்சியின் உள்ளமைப்பைப் பற்றிப் பெர்ஃபெக்ட் நேராக எதுவும் சொல்வதில்லை, முந்திய நிகழ்ச்சிக்கும் பிந்திய நிலைக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்கிறது என்பதைக் காம்ரியே தம் நூலில் ஒப்புக்கொண்டு, மற்ற நோக்குகளிலிருந்து அதை விலக்கி வைக்கிறார். ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், பெர்ஃபெக்ட்டை இரண்டாம் நிலைக் காலவடிவம் என்றே வகைப்படுத்துகிறது. 'மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே' போன்ற வாக்கியங்களில் 'ஹேவ்' செய்வது நிகழ்ச்சியை முற்பொழுதுக்குத் தள்ளும் வேலை மட்டுமே, அது காலவடிவத்தின் வேலை அல்லவா என்பது அவர்கள் தரப்பில் வலுவான கேள்வி. ஒரே சான்றை இரு தரப்பும் ஆள்வது இத்துறையின் சுவையான முரண். புரோகிரசிவ் வினைநோக்கே என்பதில் இத்தகைய வழக்கு கிடையாது.

மற்றொரு கேள்வியும் எஞ்சுகிறது. 'ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்பதில் ஆறு மணி, கிளம்பிய புள்ளியோடு ஒட்ட முடிந்ததே; அதேபோல் 'ஹேஸ் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்பதிலும் நோக்குப் புள்ளியை விட்டுவிட்டுக் கிளம்பிய புள்ளியோடு ஏன் ஒட்டக்கூடாது? நிகழ்காலம் என்ற விடை மட்டும் இதற்குப் போதாது. வொல்ஃப்காங் கிளைன் 1992-இல் இதையே புதிர் என்று பெயரிட்டு எழுதிய கட்டுரையில், நோக்குப் புள்ளியும் நிகழ்ச்சிப் புள்ளியும் ஒரே வாக்கியத்தில் இரண்டுமே திட்டவட்டமாகக் குறிக்கப்படக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆங்கிலத்தில் உண்டு என்றார். 'ஹேஸ்' வந்தால் நோக்குப் புள்ளி இப்போது என்று குறிக்கப்பட்டுவிட்டது, எனவே நிகழ்ச்சிக்கு நேரம் குறிக்க இடமில்லை. 'ஹேட்' வந்தால் இறந்த பொழுது என்பதற்கு மேல் எதுவும் குறிக்கப்படவில்லை, எனவே இடமிருக்கிறது. இறந்தகாலத்திலும் இரண்டையும் குறித்து 'அட் செவன், த தீஃப் ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்று சொல்லிப் பார்த்தால் வாக்கியம் இடறுவது அவர் கருத்துக்குத் துணை. எல்லோரும் இதை ஏற்கவில்லை. இன்றுவரை இதைக் காட்டிலும் எளிய விளக்கம் வேரூன்றவுமில்லை.

இந்தத் தடை எல்லா மொழிகளுக்கும் பொதுவானதன்று என்பதையும் மறக்கக்கூடாது. ஜெர்மன் மொழியில் இதே 'உடைமை' வினையைக் கொண்டு அமைந்த பெர்ஃபெக்ட்டோடு 'கெஸ்டெர்ன்', அதாவது நேற்று, இயல்பாக வருகிறது. பேச்சு ஜெர்மனில் அது இறந்தகாலமாகவே மாறிவிட்டது. பிரெஞ்சும் அதே வழியில் போய், பழைய இறந்தகால வடிவத்தை எழுத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டது. நிகழ்காலம் தேய்ந்தால் பெர்ஃபெக்ட் இறந்தகாலமாகிவிடும் என்பதற்கு அவ்விரு மொழிகளும் சாட்சி. ஆங்கிலத்திலும் அந்தத் தேய்மானம் ஓரிடத்தில் கண்ணுக்குப் படத் தொடங்கியிருக்கிறது: ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில், வானொலிப் பேச்சில், நடந்ததை வரிசையாகச் சொல்லும்போது நேரத்தைக் குறித்துவிட்டுப் பெர்ஃபெக்ட்டில் சொல்லும் வழக்கை மரி-ஈவ் ரிட்ஸும் டல்சி எங்கெலும் 2000-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சென்னை மாணவனின் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் வாக்கியத்துக்கு நெருங்கிய உறவான ஒன்றை, அங்கே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சொல்கிறார்கள்.